ரப்பர் அழிப்பதில்லை, வெள்ளை பூசுகிறது: பெயிண்டில் ஒரு குழாயோடு பட்ட பாடு

மாடிப்படி | பிப்ரவரி 3, இரவு 9:12

விண்டோஸோடு வருகிற பெயிண்டில் Eraser என்று ஒன்று இருக்கிறதே, அது ரப்பரே இல்லை என்கிறேன். யாராவது மறுத்துச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி. பெரிய மென்பொருள் எதையும் தாங்காது. அத்தை ஒரு சுவருக்கு முன்னால் நிற்கிற போட்டோ. நல்ல போட்டோ, நல்ல சிரிப்பு. ஆனால் பின்னால் சுவரோடு ஒரு பிளாஸ்டிக் குழாய் மேலிருந்து நேராக இறங்கி அத்தையின் உச்சந்தலையில் முடிகிறது. பார்க்கிறவர்களுக்கு முதலில் குழாய்தான் தெரிகிறது, அப்புறம்தான் அத்தை. ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். குழாய் போனது. அந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளைக் கோடு வந்தது. முன்பு அழுக்குக் குழாய், இப்போது புதுக் குழாய்.

குழாயை எடுத்தால் பின்னால் இருக்கிற சுவர் தெரிய வேண்டாமா?

வேகம் | பிப்ரவரி 3, இரவு 9:20

JPEG ஆகச் சேமித்திருப்பீர்கள். அழித்துவிட்டு PNG ஆகச் சேமியுங்கள். வெள்ளை இருக்கும் இடம் காலியாகிவிடும். இரண்டு நிமிட வேலை.

மாடிப்படி | பிப்ரவரி 3, இரவு 9:41

சேமித்தேன். வெள்ளை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அப்படியே காலியானாலும் எனக்கு என்ன லாபம்? சுவர்தானே வேண்டும், ஓட்டை எதற்கு?

பழையஎலி | பிப்ரவரி 3, இரவு 10:30

வேகம் சொன்னதில் பாதி சரி. PNG என்ற ஃபைல் வகையால் காலி இடத்தை வைத்துக்கொள்ள முடியும். ஆனால் விண்டோஸ் 7 பெயிண்டுக்குக் காலி இடம் என்றால் என்னவென்றே தெரியாது. காலி இடம் உள்ள ஒரு PNG-ஐ அதில் திறந்து அப்படியே சேமித்தாலும் அந்தக் காலி போய், ஒரு நிறம் வந்து உட்கார்ந்துவிடும். விண்டோஸ் 11-இல் வருகிற புதிய பெயிண்டில் அடுக்குகளும் காலி இடமும் வந்துவிட்டன. இங்கே பேச்சு பழையதைப் பற்றி.

மாடிப்படி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போட்டோவில் குழாய்க்குப் பின்னால் சுவர் இல்லை. கேமரா அதைப் பார்க்கவே இல்லை. ஒரு தாளில் புள்ளி புள்ளியாக நிறம் வைத்தது போலத்தான் படம் இருக்கிறது. ஒரு புள்ளிக்கு ஒரு நிறம், அடியில் வேறெதுவும் கிடையாது. ரப்பர் செய்வது, மேலே பட்டியில் Color 2 என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் உள்ள நிறத்தைப் பூசுவது. அது வெள்ளையாக இருந்தால் வெள்ளை, பச்சையாக இருந்தால் பச்சை. நம்பாவிட்டால் Color 2-ஐச் சிவப்பாக்கிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

அப்படியானால் கேள்வி, எப்படி அழிப்பது என்பது இல்லை. எதை வைத்து மூடுவது, அதை எங்கிருந்து எடுப்பது என்பதுதான்.

மாடிப்படி | பிப்ரவரி 3, இரவு 10:52

சிவப்பாகத் தேய்த்தேன். அத்தை தலையில் ரத்தக் குழாய். Ctrl+Z.

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வியே தப்பு. பூச்சு வேலை என்றால் சுவரின் நிறத்தையே பூசிவிடலாமே, நாளைக்குப் பார்க்கிறேன்.

குட்டித்தூக்கம் | பிப்ரவரி 4, காலை 7:05

நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு விண்ணப்பத்தில் போட்டோ 50 KB-க்குள் இருக்க வேண்டுமாம். என்னுடையது 900 KB. எந்தப் பகுதியை அழித்தால் எடை குறையும்?

பழையஎலி | பிப்ரவரி 4, காலை 8:15

அழித்து எடையைக் குறைக்கிற வேலை வேண்டாம், அது சுற்றுவழி. முகத்தைச் சுற்றிச் செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து Crop கொடுங்கள், வேண்டாத ஓரம் போகும். அப்புறம் Resize-இல் Pixels என்பதை வைத்து அகலத்தை 300, 400 என்று இறக்குங்கள். JPEG ஆகச் சேமியுங்கள். தரம் இவ்வளவு வேண்டும் என்று கேட்கிற வசதி பெயிண்டில் இல்லை, அதனால் அளவைத்தான் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டும். மூல ஃபைலின் மேல் சேமித்துவிடாதீர்கள், வேறு பெயர் கொடுங்கள்.

மாடிப்படி | பிப்ரவரி 4, இரவு 9:30

நேற்று சொன்னதைச் செய்தேன். Color picker-ஐ எடுத்து, குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் வலது பொத்தானால் சொடுக்கினால் அந்த நிறம் Color 2-க்குப் போகிறது. இடது பொத்தான் என்றால் Color 1-க்கு. அப்புறம் ரப்பரைத் தேய்த்தேன்.

வெள்ளைக் கோடு இல்லை. ஆனால் சுவரில் பட்டி பார்த்த இடம் மாதிரி ஒரு பட்டை தெரிகிறது. அதே நிறம்தானே? பின் ஏன் தெரிகிறது?

Ctrl உடன் எண் பலகையின் கூட்டல் விசையை அழுத்தினால் ரப்பர் பெரிதாகிறது என்பதை மட்டும் இன்று கண்டுபிடித்தேன். Size பட்டியலில் இருக்கிற குட்டி அளவுகளோடு இத்தனை நாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வேகம் | பிப்ரவரி 4, இரவு 9:36

மடிக்கணினியில் எண் பலகையே இருக்காதே.

பழையஎலி | பிப்ரவரி 4, இரவு 9:58

`osk` என்று Run பெட்டியில் தட்டினால் திரையில் ஒரு விசைப்பலகை வரும். அதன் Options-இல் எண் பலகையை வரவழைக்கலாம்.

பட்டை ஏன் தெரிகிறது என்பதற்கு ஒரு சோதனை. Fill கருவியை எடுத்து, Color 1-ஐச் சிவப்பாக்கி, பழுதில்லாத சுவரில் ஒரே ஒரு சொடுக்கு. என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் Ctrl+Z.

மாடிப்படி | பிப்ரவரி 4, இரவு 10:10

சுவர் முழுக்கச் சிவப்பாகும் என்று பார்த்தால், மணலை உதறியது போல அங்கே மூன்று புள்ளி, இங்கே ஒரு புள்ளி. அவ்வளவுதான் சிவந்தது!

பழையஎலி | பிப்ரவரி 4, இரவு 10:25

அதுதான். Fill கருவி, சொடுக்கிய புள்ளியின் நிறம் எதுவோ அதே நிறமாக ஒட்டி ஒட்டி இருக்கிற புள்ளிகளை மட்டும் பிடிக்கும். நிறத்தின் எண் ஒன்று தள்ளியிருந்தாலும் நின்றுவிடும். உங்கள் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிகிற சுவர் அதற்கு ஆயிரம் நிறம். கேமரா போடுகிற பொடிப்புள்ளிப் பொருபொருப்பு, சுண்ணாம்பின் சொரசொரப்பு, JPEG செய்த குழப்பம் எல்லாம் அதில் இருக்கிறது. நடுவே ஒரே நிறத்தில் வழவழவென்று ஒரு பட்டை வந்தால் கண் உடனே பிடித்துவிடும். சுவரை மூடச் சுவரைத்தான் எடுக்க வேண்டும், நிறத்தை அல்ல.

Select-இல் செவ்வகம் எடுத்து, குழாய்க்குப் பக்கத்தில் நல்ல சுவரில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். Ctrl-ஐ அழுத்திக்கொண்டே துண்டை இழுத்துக் குழாய்மேல் வையுங்கள். Ctrl இல்லாமல் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லமாட்டேன், எப்படியும் ஒருமுறை செய்வீர்கள்.

மாடிப்படி | பிப்ரவரி 5, இரவு 8:50

செய்தேன். துண்டு வைத்த இடத்தில் குழாய் மறைந்தது, ஆனால் பக்கத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. துண்டு இடம்பெயர்ந்தால் பழைய இடத்தில் Color 2 வந்து உட்கார்கிறது. ரப்பரும் அதுவும் ஒரே சங்கதிதான்.

மாடிப்படி | பிப்ரவரி 5, இரவு 10:40

இப்போது Ctrl-உடன். குழாயைச் செவ்வகத்தால் அளந்தேன்; கீழே பட்டியில் அளவு வருகிறது. 22 பிக்சல் அகலம், தலை வரைக்கும் 310 பிக்சல் உயரம். இடது பக்கத்திலிருந்து 22 அகலத்துக்கு முழு நீளத் துண்டாக எடுத்து ஒரே தடவையில் மூடினேன். பிசகினால் அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தலாம். பொருபொருப்பு அப்படியே பொருந்திவிட்டது. ஆனால் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கோடு. துண்டின் பக்கம் வெளிச்சம், சுவரின் பக்கம் கொஞ்சம் இருட்டு.

Edit colors-ஐத் திறந்து நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பார்த்தேன். குழாய்க்கு இடப்பக்கம் 206, 199, 186. வலப்பக்கம் 198, 191, 178. எட்டு எண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்றால், நேர்கோடாக நின்றால் தெரிகிறது.

பழையஎலி | பிப்ரவரி 5, இரவு 11:05

இடப்பக்கம் சன்னல் இருக்கிறதா?

மாடிப்படி | பிப்ரவரி 5, இரவு 11:07

இருக்கிறது! எப்படித் தெரியும்?

பழையஎலி | பிப்ரவரி 5, இரவு 11:31

நீங்கள் கொடுத்த எண்கள்தான் சொல்கின்றன. வெளிச்சம் இடமிருந்து வலமாகக் குறைகிறது. துண்டை எந்தத் திசையில் நகர்த்துகிறோமோ அந்தத் திசையில் வெளிச்சம் மாறக் கூடாது என்பதுதான் இதில் இருக்கிற ஒரே சூட்சுமம். உதாரணத்துக்கு, ஆகாயத்தை எடுங்கள். மேலே கரும் நீலம், கீழே வெளிர் நீலம். அங்கே ஒரு கம்பம் நின்றால் பக்கத்துத் துண்டை அதே உயரத்தில் நேராகத் தள்ளினால் போதும், கோடே தெரியாது. உங்கள் சுவரில் வெளிச்சம் குறுக்கே மாறுகிறது, ஆகவே மேலேயோ கீழேயோ இருந்து எடுக்க வேண்டும். ஆனால் மேலும் கீழும் குழாய்தான் இருக்கிறது. கொஞ்சம் கஷ்டமான படம்தான் உங்களுடையது.

பாதியை இடப்பக்கத்திலிருந்தும் பாதியை வலப்பக்கத்திலிருந்தும் எடுங்கள்.

தாள்பூ | பிப்ரவரி 6, மதியம் 1:15

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். நான் அழிக்கிற வேலை வேறு மாதிரி. ஓர் அட்டையின் படத்தை ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, எண் தெரியக் கூடாது. பெயிண்டில் தடித்த தூரிகை வகைகளில் Marker என்று ஒன்று இருக்கிறதே, கறுப்பில் அதை இரண்டு முறை இழுத்து அனுப்பினேன். வாங்கியவர் எண்ணை எனக்கே படித்துக் காட்டினார். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாராம்.

பழையஎலி | பிப்ரவரி 6, மதியம் 2:40

Marker அடியில் இருப்பதைக் கொஞ்சம் கசியவிடும். கறுப்பின் மேல் கறுப்பு போல நமக்குத் தெரிந்தாலும் எண்ணில் வித்தியாசம் மிச்சம் இருக்கும். மறைக்க வேண்டியது என்றால் செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து Delete அடியுங்கள், Color 2 அப்பட்டமாக வந்து உட்காரும். உங்கள் விஷயத்துக்கு ரப்பரே நல்ல ரப்பர். சேமித்து, மூடி, மறுபடி திறந்து ஒருமுறை பாருங்கள். மூடிவிட்டால் Ctrl+Z-ம் போய்விடும், அது இங்கே நல்லது.

மாடிப்படி | பிப்ரவரி 6, இரவு 10:20

எலி அண்ணா, பாதி பாதியாக எடுத்தால் சரியாகவில்லை. இரண்டு ஓரத்துக் கோடும் மங்கியது, உண்மை. நடுவில் புதிதாக ஒரு கோடு வந்தது, அது முன்னதைப் போலவே அழுத்தமாக இருக்கிறது. இடது பாதி முடிகிற இடத்தில் வெளிச்சம், வலது பாதி தொடங்குகிற இடத்தில் இருட்டு.

பழையஎலி | பிப்ரவரி 6, இரவு 10:48

அட, ஆமாம். சரிவு எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான். தாளில் வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. நேற்று சொன்னதை அரைகுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் | பிப்ரவரி 6, இரவு 10:55

துண்டைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போடுங்கள். Rotate-இல் Flip horizontal இருக்கிறது.

பழையஎலி | பிப்ரவரி 6, இரவு 11:10

அதையும் வரைந்து பார்த்தேன். ஓரங்கள் இரண்டும் அச்சாகப் பொருந்தும், நடுக்கோடு இரட்டிப்பு ஆகும். வெளிச்சம் எங்கும் ஒன்றாக இருக்கிற சுவருக்கு நல்ல யோசனை. இங்கே ஆகாது.

மாடிப்படி | பிப்ரவரி 7, இரவு 11:50

நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எட்டு எண் வித்தியாசம் கண்ணில் படவில்லை, அது நேர்கோடாக நிற்பதுதான் படுகிறது. அப்படியானால் கோட்டை உடைத்துவிட்டால்? Select-இல் Free-form selection எடுத்து, கிழிந்த காகிதம் மாதிரி நாலாபக்கமும் பல் பல்லாகச் சுற்றி வரைந்தேன். 30, 40 பிக்சல் உயரத்துக்குக் குட்டித் துண்டுகள். விரலை விட்டதும் பெயிண்ட் அதைச் சுற்றிச் செவ்வகம் காட்டிப் பயமுறுத்துகிறது, ஆனால் நகர்வது நாம் வரைந்த வடிவம் மட்டும்தான். இடப்பக்கத்துத் துண்டு ஒன்று, வலப்பக்கத்துத் துண்டு ஒன்று என்று மாற்றி மாற்றி, ஒன்றின் பல் இன்னொன்றின் பல்லுக்குள் போகிற மாதிரி வைத்தேன். இடத்துத் துண்டு சில இடத்தில் நடுவைத் தாண்டி வலது பக்கம் போகும், சில இடத்தில் நடுவுக்கு முன்பே நிற்கும்.

கோடு காணோம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வெறும் சுவர். 310 உயரத்தை மூட இருபத்து மூன்று துண்டுகள், ஒன்றரை மணி நேரம்.

கழுத்து வலி.

பழையஎலி | பிப்ரவரி 8, காலை 7:20

கெட்டிக்காரர். ஒரே துண்டை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள், ஒரே கறை இரண்டு முறை வந்தால் கண் கண்டுபிடிக்கும்.

மாடிப்படி | பிப்ரவரி 8, இரவு 9:15

நேற்று எழுதியதை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இன்று பகல் வெளிச்சத்தில் திரையைப் பார்த்தால் குழாய் இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆவி மாதிரி இரண்டு மங்கல் கோடுகள். இடப்பக்கம் லேசான வெளுப்பும் கறுப்பும் கலந்த சிற்றலை. வலப்பக்கம் அகலமாக ஒரு கருமை. குழாய் போன பிறகும் குழாய் நிற்கிறது.

பழையஎலி | பிப்ரவரி 8, இரவு 9:50

வலப்பக்கக் கருமை குழாயின் நிழல். சன்னல் இடப்பக்கம், நிழல் வலப்பக்கம். அதைக் குழாயின் பாகமாகக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

இடப்பக்கத்தில் தெரிகிற சிற்றலை JPEG-யின் வேலை. அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. ஒரு கட்டத்துக்குள் குழாயின் கூர்மையான ஓரம் வந்தால் அந்தக் கட்டம் முழுக்க அலை பரவும், அதில் இருக்கிற நல்ல சுவரிலும். 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், அலை ஒரு கட்டத்தின் எல்லையில் சட்டென்று நிற்பது தெரியும். ஆகவே 22 பிக்சல் குழாய்க்கு 22 மூடினால் போதாது. இரு பக்கமும் எட்டு எட்டு கூட்டுங்கள், வலப்பக்கம் நிழலையும் கூட்டுங்கள். துண்டு எடுக்கும்போதும் குழாயை ஒட்டி எடுக்காதீர்கள், அலையைத்தான் வெட்டி ஒட்டுவீர்கள்.

எத்தனை முறை JPEG ஆகச் சேமித்தீர்கள்?

மாடிப்படி | பிப்ரவரி 8, இரவு 9:58

ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன்.

பழையஎலி | பிப்ரவரி 8, இரவு 10:04

அப்படியானால் ஒவ்வொரு இரவும் புதிதாகச் சுருக்கியிருக்கிறீர்கள். வேலை முடியும்வரை PNG ஆக வையுங்கள், அது புள்ளிகளை மாற்றாது. கடைசியில் ஒருமுறை JPEG. வேகம் சொன்ன PNG வேறு காரணத்துக்காகச் சரியாகிவிட்டது பாருங்கள்.

வேகம் | பிப்ரவரி 8, இரவு 10:06

முதல் நாளே சொன்னேன்.

மாடிப்படி | பிப்ரவரி 10, இரவு 10:30

மூலப் போட்டோவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். நல்ல வேளை, அதன் மேல் சேமிக்கவில்லை. குழாய், அலை, நிழல் எல்லாம் சேர்த்து 46 பிக்சல் அகலம். இந்த முறை துண்டுகளும் பெரிதாகிவிட்டதால் பதினாறிலேயே முடிந்தது. ஆவி இல்லை.

இப்போது தலைமுடி. குழாய் முடிக்குள் இறங்குகிற இடத்தில் மயிரிழைகளுக்கு நடுவே குழாயின் வெள்ளை தெரிகிறது. துண்டு வைத்தால் முடி வெட்டுப்படுகிறது, ஹெல்மெட் போட்ட மாதிரி ஆகிறது. 800 சதவீதத்தில் Pencil எடுத்து, பக்கத்து நிறத்தை எடுத்து எடுத்து ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். ஐம்பது புள்ளிக்கு மேல் Ctrl+Z பின்னால் போகவும் மாட்டேன் என்கிறது.

பழையஎலி | பிப்ரவரி 11, காலை 6:55

முடியை விட்டுவிடுங்கள் என்பேன். இழைகளுக்கு நடுவில் இருக்கிற வெள்ளைப் புள்ளிகளை மட்டும் கொஞ்சம் கருக்கினால் போதும். சுத்தமாக்கப் போனால்தான் ஹெல்மெட். இதற்கு மேல் பெயிண்டில் வழி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

தாள்பூ | பிப்ரவரி 11, மாலை 6:20

அத்தையை அப்படியே வெட்டி எடுத்து வேறு நல்ல சுவரில் வைத்திருக்கலாமே? Transparent selection என்று ஒன்று இருக்கிறது. நான் ஒரு பூவை அப்படி வெட்டி வாழ்த்து அட்டையில் வைத்தேன். வெள்ளையாக அழித்துவிட்டு, அதைப் போட்டால் வெள்ளை மறைகிறது. பூவின் நடுவிலும் ஓட்டை விழுந்ததுதான் வருத்தம்.

பழையஎலி | பிப்ரவரி 11, இரவு 9:10

பூ வெள்ளைப் பூவா? Transparent selection, Color 2-ஐ அச்சாக ஒத்த புள்ளி எங்கே இருந்தாலும் மறைக்கும். பின்னணியா பூவா என்று பார்க்காது. படத்தில் எங்குமே இல்லாத ஒரு நிறத்தால் பின்னணியை அழியுங்கள். Edit colors-இல் 255, 0, 255 என்று தட்டினால் கண்ணைக் குத்துகிற ஒரு ரோஸ் வரும், பெரும்பாலும் அது எந்தப் போட்டோவிலும் இருக்காது. வெட்டியதை இன்னொரு பெயிண்ட் சன்னலில் ஒட்டுவதாக இருந்தால் அங்கேயும் Color 2-க்கு இதே எண்களைக் கொடுத்து, Transparent selection-ஐயும் போட்டுவிட வேண்டும். இதை மறந்துதான் நானும் பலமுறை ரோஸ் பெட்டியை ஒட்டியிருக்கிறேன். நடுவில் JPEG ஆகச் சேமித்தால் ரோஸ் 254 ஆகவும் 251 ஆகவும் சிதறி ஒன்றுமே மறையாது.

ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி அழியுங்கள். ஓரத்துப் புள்ளிகளில் பழைய பின்னணி பாதி கலந்திருக்கும். அதை விட்டால் புதுச் சுவரில் பழைய சுவரின் விளிம்பு தெரியும்.

தாள்பூ | பிப்ரவரி 12, மாலை 5:45

மல்லிகை. அதனால்தான். ரோஸ் போட்டுச் செய்தேன், ஓட்டை இல்லை. ஆனால் அழிக்காமல் விட்ட புள்ளிகள் தூசி மாதிரி ஒட்டிக்கொண்டே வருகின்றன.

மாடிப்படி | பிப்ரவரி 12, இரவு 8:30

தாள்பூ, எலி அண்ணா எனக்குக் கொடுத்த சோதனையைத் தலைகீழாக்குங்கள். ரோஸ் பூசிய இடத்தில் Fill எடுத்துக் கறுப்பை ஊற்றுங்கள். ரோஸ் முழுக்கக் கறுப்பாகும், நீங்கள் விட்டுவைத்த தூசி மட்டும் கறுப்பில் மின்னும். எங்கே என்று பார்த்துக்கொண்டு Ctrl+Z போட்டு அங்கே மட்டும் தேயுங்கள்.

வெட்டி வைக்கிற யோசனையை நானும் பார்த்தேன். அத்தையின் முடி அங்கேயும் ஹெல்மெட்தான். குழாய் இருந்த சுவரே நல்லது.

மாடிப்படி | பிப்ரவரி 14, இரவு 9:40

இன்று அத்தைக்குக் காட்டினேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து, இடுப்பில் கை வைத்திருக்கிறாரே, அந்த முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற முக்கோணத்தில் விரலை வைத்தார். குழாயின் மீதித் துண்டு அங்கே நிற்கிறது. மேலே இல்லாத குழாய் இடுப்பருகில் தொடங்கித் தரைக்குப் போகிறது.

பழையஎலி | பிப்ரவரி 14, இரவு 9:52

முக்கோணம் எத்தனை பிக்சல்?

மாடிப்படி | பிப்ரவரி 14, இரவு 9:55

அகலமான இடத்தில் 60. அதில் குழாய், நிழல், அலை போக நல்ல சுவர் 14. துண்டு எடுக்க இடமே இல்லை. வெளியே, கைக்கு இடப்பக்கத்துச் சுவரிலிருந்து எடுத்து வரலாம், ஆனால் அங்கே வெளிச்சம் அதிகம். நாளைக்கு.